முன்னங்கால் மறைக்கும் நுரையீரல்

நம் மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இறங்கி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வலது நுரையீரலுக்கு, ஒன்று இடதுக்கு. மாட்டுக்கு அப்படியில்லை. அந்தப் பிரிவு வருவதற்குச் சற்று முன்பே வலப்பக்கமாக ஒரு தனிக்கிளை கிளம்பி, வலது நுரையீரலின் முன்மடலுக்கு நேராகப் போய்விடுகிறது. மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும் கிருமிகள் கீழே நழுவினால் முதலில் எதிர்ப்படும் வாசல் இதுதான். போதாக்குறைக்கு அந்த மடல் இதயத்துக்கும் முன்னால், தாழ்வாக, முன்னங்காலின் தோள் தசைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கன்றுகளின் நிமோனியா பெரும்பாலும் தொடங்குகிற இடமும், மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைக்க முடியாத இடமும் ஒன்றாகவே அமைந்துபோனது.

பெங்களூரைச் சுற்றியுள்ள எலகங்கா, தேவனஹள்ளி, தொட்டபல்லாபுரம் பக்கங்களில் கறவைக் கொட்டில்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் எச்.எஃப். கலப்பினம்தான். மூன்று மாதம் போல ஆனதும் கன்றுக்குப் பாலை நிறுத்திவிடுவார்கள். சீம்பாலில் கிடைத்த தாயின் எதிர்ப்பொருள்கள் அந்த வயதில் வடிந்திருக்கும். கன்றின் சொந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுசாகத் தேறியிருக்காது. அதே வாரத்தில் கொட்டில் மாறுகிறது, தீவனம் மாறுகிறது, சந்தையிலிருந்து வந்த வேறு கன்றுகளோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். ஜூன், ஜூலைத் தூறலுக்குப் பயந்து சாக்குப் படுதாவை இறக்கிவிட்டால் மூத்திரத்தின் அமோனியா உள்ளேயே தேங்குகிறது. நாம் நிற்கும் உயரத்தில் அது தெரியாது. கன்று படுக்கும் உயரத்தில் குனிந்து மூச்சிழுத்துப் பார்த்தால் கண் எரியும்.

இந்தச் சமயம் பார்த்து ஒரு வைரஸ் வந்து மூச்சுப்பாதையின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. பிறகு, அதுவரை தொண்டையில் சும்மா இருந்த பாக்டீரியாக்கள் பெருகிக் கீழே இறங்குகின்றன. பாஸ்டுரெல்லா மல்டோசிடா, மான்ஹைமியா ஹீமோலிட்டிகா, மைக்கோபிளாஸ்மா போவிஸ் ஆகிய மூன்றும் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும். (தொண்டை அடைப்பான் நோயை உண்டாக்குவதும் பாஸ்டுரெல்லாதான், ஆனால் அது வேறு வகை, வேறு வேகம், ஒரு நாளில் மாட்டைச் சாய்த்துவிடும். அதற்குப் போடும் தடுப்பூசி இந்த நிமோனியாவைத் தடுக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.)

மான்ஹைமியாவின் வேலை வினோதமானது. அது கக்கும் நஞ்சு அசைபோடும் விலங்குகளின் வெள்ளையணுக்களைத்தான் குறிவைக்கிறது. கிருமியைத் தின்ன வந்த வெள்ளையணு வெடித்து, தனக்குள் வைத்திருந்த செரிமான நொதிகளையெல்லாம் நுரையீரலின் மேல் கொட்டுகிறது. பாதிச் சேதம் கிருமி செய்தது, பாதி கன்றின் சொந்தப் படையே செய்தது. காற்றறைகளில் நீரும் உறைபொருளும் செத்த அணுக்களும் நிரம்பி, பஞ்சாக இருந்த மடல் கெட்டிப்படுகிறது. ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும். கெட்டிப்பட்ட இடத்தைத் திரும்பப் பஞ்சாக்காது. ஆகவே எந்த மருந்து என்பதற்கு முன்னால் எந்தக் கன்று, எப்போது என்பதைத் தெரிந்தாக வேண்டும்.

தேவனஹள்ளிப் பக்கம் ஒரு கொட்டிலைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு மாத வயதில் மூன்று கிடாரிக் கன்றுகள், பால் மறந்து மூன்று வாரம். ஒன்று இருமுகிறது, தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகுகிறது. உரிமையாளர் சொல்வார்: “எதுக்கு டாக்டர் யோசனை, மூணுக்கும் ஒரே ஊசியாப் போட்டுடுங்களேன்.” அவர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஒன்றுக்கு வந்தது மற்றதற்கும் வரும் என்பதை அவர் கண்ணால் கண்டவர்.

மருத்துவர் முதலில் மதிப்பெண் போடுகிறார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஷீலா மெக்கர்க் வகுத்த முறை இது. உடல் வெப்பம், இருமல், மூக்கொழுகல், கண் அல்லது காது ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கண், காது இரண்டில் எது மோசமோ அதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டினால் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் என்று கணக்கு. பால் குடிக்கும் கன்றுகளுக்காக எழுதப்பட்டது என்பதால் பால் மறந்த கன்றுக்கு இதைச் சற்று விலக்கிப் பிடித்துத்தான் பயன்படுத்த வேண்டும். பெரிய கன்று ஆள் கிட்டே வந்தால் நோயை மறைக்கும். பிடிக்க ஓடவிட்டால் வெப்பம் ஏறும்.

முதல் கன்று: 104.2 டிகிரி ஃபாரன்ஹீட், அதற்கு 3. தானாகவே அவ்வப்போது இருமுகிறது, 2. இரு மூக்கிலும் கலங்கிய சளி, 2. காது நிமிர்ந்திருக்கிறது, 0. மொத்தம் 7. இரண்டாவது: 102.6 டிகிரிக்கு 2, தொண்டையை அழுத்தினால் ஒரே ஒரு இருமல் வருவதற்கு 1, மற்றவை சுத்தம். மொத்தம் 3. மூன்றாவது: 103.4 டிகிரிக்கு 3, இருமலுக்கு 2, ஒரு மூக்கில் லேசான சளிக்கு 1. மொத்தம் 6. தாளில் பார்த்தால் முதலும் மூன்றாவதும் நோயாளிகள், நடுவில் உள்ளது ஆரோக்கியமான கன்று.

அடுத்து ஸ்டெதாஸ்கோப். 1816-இல் பாரிஸில் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்து, நெஞ்சு நோய் என்றால் கை முதலில் போவது அதற்குத்தான். காற்று நிறைந்த நுரையீரல் மேல் சுருதி ஒலிகளை விழுங்கிவிடும். கீழ்ச் சுருதி மட்டும் மெல்லிய சலசலப்பாக வெளியே வரும். மடல் கெட்டிப்பட்டால் பெரிய குழாய்களின் கரகரத்த ஒலி தடையின்றி நெஞ்சுச் சுவர்வரை வந்து உரக்கக் கேட்கும். ஆனால் அந்த மடலுக்குப் போகும் குழாயே சளியால் அடைபட்டிருந்தால் காற்றும் ஓடாது, ஒலியும் வராது. கேட்பவர் அதை அமைதி என்றே எண்ணிக்கொள்வார். தொண்டையில் எழும் இரைச்சலோ நெஞ்சு முழுக்கப் பரவி நுரையீரலிலிருந்து வருவதுபோலவே கேட்கும். இத்தனைக்கும் மேல் அந்தத் தோள் தசை வேறு.

இது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதைக் கனடாவின் கியூபெக்கில் செபாஸ்டியன் புசின்ஸ்கி குழுவினர் 2014-இல் வெளியிட்டார்கள். அல்ட்ராசவுண்டில் நுரையீரல் கெட்டிப்பட்டதாகத் தெரிந்த பால்குடிக் கன்றுகளில், ஸ்டெதாஸ்கோப் கண்டுபிடித்தது நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட் பார்டனும் சகாக்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 49 கால்நடை மருத்துவர்களைக் கன்றுகளின் நெஞ்சைக் கேட்கவைத்தார்கள். நோயுள்ள கன்றுகளில் சராசரியாக 63 சதவீதத்தை அவர்கள் சரியாகச் சொன்னார்கள். நோயில்லாதவற்றில் சரியாகச் சொன்னது 46 சதவீதம்தான். அதாவது நல்ல கன்றுகளில் பாதிக்கு மேல் நோயாளிப் பட்டியலில் சேர்ந்தன. ஒரே கன்றைக் கேட்ட இரண்டு மருத்துவர்களுக்கிடையே ஒத்த கருத்தும் மிகக் குறைவு. நாணயத்தைச் சுண்டிவிடுவதைவிட இது பெரிதாக மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்காக ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கி எறியவும் வேண்டாம். இதயத்தைக் கேட்க, மூச்சின் இரைச்சல் தொண்டையிலா நெஞ்சிலா என்று குரல்வளையிலிருந்து கீழே படிப்படியாக வைத்துப் பார்க்க அதற்கு வேலை உண்டு. ஒலியை மட்டும் நம்பி ஆன்டிபயாட்டிக் எழுதுவதுதான் ஆகாது.

அல்ட்ராசவுண்டின் கதை இன்னும் விந்தை. நுரையீரலுக்கு அது உதவாது என்றே நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். காரணம் இயற்பியல். தசைக்கும் காற்றுக்கும் ஒலியைக் கடத்தும் தன்மையில் அவ்வளவு வேறுபாடு. தசை வழியே வந்த ஒலி காற்றைத் தொட்டதும் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடுகிறது, கண்ணாடியில் பட்ட டார்ச் வெளிச்சம்போல. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் தெரியாது. ஆனால் நோய் வந்தால் அந்தக் காற்றுதானே முதலில் போகிறது? கண்ணாடி உடைந்த இடத்தில் ஒலி உள்ளே நுழைகிறது. நல்ல நுரையீரலைக் காட்டாத கருவி, கெட்ட நுரையீரலைத் துல்லியமாகக் காட்டுகிறது. மூச்சுக்கேற்ப நுரையீரலின் மேலுறை நெஞ்சுச் சுவரின்மேல் வழுக்கிச் செல்வதை 1986-இல் முதலில் எழுதியவர் ராண்டனன் என்ற கால்நடை மருத்துவர். அவர் பார்த்தது குதிரையை. மனித மருத்துவத்தில் பாரிஸின் டேனியல் லிச்டென்ஸ்டைன் போன்றோர் அதைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான்.

புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். மாட்டுக்குச் சினைப் பரிசோதனை செய்ய ஆசனவாய் வழியே உள்ளே விடும் நேர்கோட்டு புரோப் போதும். 6 முதல் 8.5 மெகாஹெர்ட்ஸ், ஆழம் 9 சென்டிமீட்டர் அளவில் வைத்துக்கொள்ளலாம். முடியை மழிக்கவும் வேண்டாம். 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ரோமம் தோல்வரை நனையும்படி தெளித்தால், இடையில் சிக்கிய காற்று விலகிவிடும். வலப்பக்கம் பத்தாவது விலா இடுக்கில் தொடங்கி, விலா எலும்புகளுக்கு இணையாக மேலிருந்து கீழே இழுத்து, ஒவ்வோர் இடுக்காக முன்னால் வர வேண்டும். கல்லீரல், உதரவிதானம், பிறகு இதயம் என்று அடையாளங்கள் ஒவ்வொன்றாக வரும். பலர் இதயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிறுத்தினால் வந்த காரியமே நடக்கவில்லை. முன்னங்காலைச் சற்று முன்னே தள்ளி, புரோப்பை அக்குளுக்குள் நுழைத்து, வலப்பக்கத்தின் முதல், இரண்டாம் இடுக்குகளைப் பார்க்க வேண்டும். அந்த முன்மடல் அங்கேதான் இருக்கிறது. கை பழகினவருக்கு இரண்டு பக்கமும் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

நல்ல நுரையீரல் திரையில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே அதே கோட்டின் எதிரொலிகள் சம இடைவெளியில் அடுக்கடுக்காக. மேலுறை சற்றுக் கெட்டிருந்தாலோ ஓரத்தில் நீர் கோத்திருந்தாலோ வால்நட்சத்திரம் போன்ற வெள்ளைக் கீற்றுகள் செங்குத்தாக இறங்கும். கெட்டிப்பட்ட மடல் சாம்பல் நிறத்தில், பார்க்கக் கல்லீரல் மாதிரியே இருக்கும். இதற்கும் மதிப்பெண் உண்டு, தெரசா ஆலிவெட் பரப்பிய முறை. சுத்தமாக இருந்தால் 0, பரவலான வால்நட்சத்திரங்கள் 1, மடலுக்குள் திட்டாகக் கெட்டிப்பட்டிருந்தால் 2, ஒரு மடல் முழுக்கப் போயிருந்தால் 3, இரண்டு மடல் 4, மூன்றோ அதற்கு மேலோ 5.

நம் மூன்று கன்றுகளுக்கு வருவோம். முதல் கன்றின் வலது முன்மடல் முழுக்கச் சாம்பல், மதிப்பெண் 3. எதிர்பார்த்ததுதான். இரண்டாவது, தாளில் ஆரோக்கியமாக இருந்த, ஸ்டெதாஸ்கோப்பில் எதுவும் கேட்காத கன்று. அக்குளுக்குள் புரோப் போனதும் அதே மடல் அதே சாம்பல் நிறத்தில். அதற்கும் 3. மூன்றாவது, 6 மதிப்பெண் வாங்கிய கன்று, இரண்டு பக்கமும் சுத்தமான கோடுகள், 0. அதன் இரைச்சல் தொண்டையில்தான் பலமாகக் கேட்கிறது. வெயிலில் கட்டியிருந்ததை நிழலுக்கு மாற்றி, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெப்பம் 102.4-க்கு இறங்கியிருக்கிறது. மேல் மூச்சுப்பாதைத் தொல்லை, அநேகமாக வைரஸ். அதற்கு இன்று ஊசி இல்லை. ஆனால் நாளை மறுபடி ஸ்கேன் உண்டு. ஏனென்றால் மான்ஹைமியா இறங்கினால் சில மணி நேரத்திலேயே கெட்டிப்படுத்திவிடும், இன்றைய 0 நாளைக்குச் செல்லாது.

இனி மருந்து. ஊசிக்கு முன்னால் முதல் கன்றின் மூக்கு வழியே நீண்ட, உறையிட்ட ஸ்வாபைத் தொண்டைவரை செலுத்தி ஒரு மாதிரி எடுத்துக்கொள்வது நல்லது. முதல் ஊசி போட்ட பின் எடுத்தால் எளிதில் சாகும் கிருமிகள் செத்திருக்கும், மிஞ்சியவை பொய்க்கதை சொல்லும். பெங்களூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், கால்நடை ஆரோக்கிய, உயிரியல் மருந்துகள் நிறுவனத்தின் தென்மண்டல நோயறி ஆய்வகமும் இருக்கின்றன. மாதிரியை ஐஸ் டப்பாவில் வைத்து அன்றே சேர்க்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா வழக்கமான வளர்ப்புத் தட்டில் வளராது. அதைத் தனியாகக் கேட்டு, பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

முடிவு வர மூன்று நாளாவது ஆகும். அதுவரை கன்றைக் காக்கவைக்க முடியாது. எதைத் தொடங்குவது? கடையில் எளிதாகக் கிடைப்பது செஃப்ட்ரியாக்சோன். பலர் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எனக்கு அதில் இரண்டு மனத்தாங்கல். செஃபலோஸ்போரின்கள் கிருமியின் செல் சுவரை உடைத்து வேலை செய்பவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது. இல்லாத சுவரை எந்த மருந்தும் இடிக்க முடியாது. இரண்டாவது, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும் என்ரோஃப்ளோக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினலோன்களும் மனிதருக்குக் கடைசிப் படிகளில் தேவைப்படுபவை. ஐரோப்பிய மருந்து முகமை விலங்குகளுக்கான ஆன்டிபயாட்டிக்குகளை நான்கு படியாகப் பிரித்து, இவற்றைக் கட்டுப்படுத்த வேண்டிய இரண்டாம் படியில் வைத்திருக்கிறது. டெட்ராசைக்ளின்கள் முதலில் எடுக்கக்கூடிய நான்காம் படியில், ஃப்ளோர்ஃபெனிகால் இரண்டுக்கும் நடுவே எச்சரிக்கைப் படியில். இந்தியாவும் 2019-இல் கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குத் தடைசெய்தபோது இதே தர்க்கத்தில்தான் நடந்தது. கொட்டிலில் பழகிய எதிர்ப்புத் திறன் சாணத்தோடு கேழ்வரகு வயலுக்கும் கீரைப் பாத்திக்கும் போகிறது.

ஆக, முதல் இரண்டு கன்றுகளுக்கும் நெடுநேரம் நீடிக்கும் ஆக்சிடெட்ராசைக்ளின், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். மைக்கோபிளாஸ்மாவையும் அது தொடும், எதிர்ப்பு வளர்ந்திராவிட்டால். எடையைக் கண்ணால் மதிப்பது பெரும்பாலும் குறைத்துப் போடுவதில்தான் முடியும். நெஞ்சுச் சுற்றளவு 41 அங்குலம், தோள்முனையிலிருந்து பின்பிட்டம்வரை நீளம் 40 அங்குலம் என்றால், சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் 224 பவுண்டு, ஏறத்தாழ 100 கிலோ. எனவே 2,000 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள புட்டியில் 10 மில்லி. அதை இரண்டாகப் பிரித்துக் கழுத்தின் இரு பக்கமும் ஆழத் தசையில் போட வேண்டும். மூன்றாவது கன்றுக்கு எதுவுமில்லை என்பதை உரிமையாளருக்குத் திரையைக் காட்டிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார். இரண்டாவது கன்றுக்கு ஏன் ஊசி என்பதற்கும் அதே திரைதான் பதில்.

காய்ச்சலும் வீக்கமும் உள்ள முதல் கன்றுக்கு மெலாக்சிகாம், கிலோவுக்கு அரை மில்லிகிராம்; வெள்ளையணுக்கள் கிளப்பிய அழற்சியைத் தணிக்க இது உதவும். கன்று நீர் வற்றியிருந்தால் முதலில் நீரேற்ற வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் அடிபடும். ஏன் குறிப்பாக மெலாக்சிகாம்? டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து அவை கூட்டம் கூட்டமாக மடிந்ததால், 2006-இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது. 2023-இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் கழுகுகளுக்குத் தீங்கு செய்வதில்லை. பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ராமநகரப் பாறைகளில் கழுகுகளுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது.

மூன்றாம் நாள். இரண்டாவது கன்று வழக்கம்போல. முதல் கன்று இன்னும் 103.8, தீவனத்தில் பாதி மிச்சம். ஆய்வகமும் பாஸ்டுரெல்லா, டெட்ராசைக்ளினுக்கு அடங்காது, ஃப்ளோர்ஃபெனிகாலுக்கு அடங்கும் என்று சொல்கிறதென்றால், மாற்றம் இப்போது காரணத்தோடு நடக்கிறது: கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஃப்ளோர்ஃபெனிகால், 300 மில்லிகிராம் கரைசலில் 6.7 மில்லி, 48 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. இரண்டாவது கன்றும் அதே கிருமியைத்தான் வைத்திருக்கும் என்று ஊகித்து அதற்கும் மாற்றுவதா? நான் மாற்றமாட்டேன். அதை வழிநடத்த வேண்டியது அதன் நுரையீரல், பக்கத்துக் கன்றின் மூக்கு அல்ல. மறுபடி ஸ்கேன் செய்து, சாம்பல் வேறு மடலுக்குப் பரவியிருந்தால் அப்போது மாற்றலாம்.

பத்தாம் நாள் ஸ்கேனில்தான் அனுபவமில்லாதவர்கள் தடுமாறுகிறார்கள். முதல் கன்று 102 டிகிரியில் நன்றாகத் தின்கிறது. ஆனால் திரையில் மூன்று சென்டிமீட்டர் சாம்பல் திட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. அல்ட்ராசவுண்டுக்கு உயிருள்ள தொற்றையும் ஆறிய தழும்பையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. திட்டு வளர்கிறதா, காய்ச்சல் உண்டா, எடை கூடுகிறதா என்று கூடவே பார்த்தால்தான் பொருள் கிடைக்கும். இந்தக் கன்றுக்கு மூன்றும் சாதகம், எனவே மூன்றாவது ஆன்டிபயாட்டிக் வேண்டாம். ஆனால் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். 2018-இல் ஆலிவெட்டும் இடம்பெற்ற குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பிறந்த எட்டு வாரத்துக்குள் மூன்று சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நுரையீரல் கெட்டிப்பட்ட கிடாரிகள், முதல் கறவையில் மற்றவற்றைவிடச் சராசரியாக 525 கிலோ பால் குறைவாகத் தந்தன. நம் கன்றுகளுக்கு நோய் வந்தது நான்காம் மாதத்தில். அந்த எண்ணை அப்படியே ஒட்டிவிட முடியாது. என்றாலும் எந்தக் கிடாரியை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று உரிமையாளர் யோசிக்கும் நாளில், அந்த மூன்றில் ஒன்றுதான் பழுதில்லாத முன்மடலோடு நிற்கிறது: ஊசியே போடாத அந்த மூன்றாவது.